பரீட்சைக்கு முந்தின ராத்திரியை 5 நிமிடப் பேச்சாக்குவது எப்படி

கேள்வி: டெல்லியில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு. டிசம்பரில் பள்ளி ஆண்டு விழாவில் தமிழில் 5 நிமிடம் நகைச்சுவையாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பரீட்சை நேரத்துப் பழக்கங்கள், கடைசி நேரப் படிப்பு, இதுதான் தலைப்பு. தேடினால் கிடைப்பதெல்லாம் கட்டுரை மாதிரி இருக்கிறது, சிரிப்பே வரவில்லை. எப்படி எழுதுவது, எப்படிப் பேசுவது? ஒரு மாதிரியும் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

பதில்:

கட்டுரையில் சிரிப்பு வராததற்குக் காரணம் இருக்கிறது. “மாணவர்கள் கடைசி நேரத்தில் படிக்கிறார்கள், கைபேசியில் நேரத்தை வீணாக்குகிறார்கள்” என்பது தகவல். அதைக் கேட்டு யாரும் சிரிக்க முடியாது, தலையாட்டத்தான் முடியும். “மணி பார்க்கப் போனை எடுத்தேன், வைக்கும்போது முக்கால் மணி நேரம் போயிருந்தது” என்பது காட்சி. கேட்பவர் தன் வீட்டுச் சோபாவில் அதே போனோடு உட்கார்ந்திருந்தது அவருக்கு ஞாபகம் வரும். நகைச்சுவைப் பேச்சு இந்தக் காட்சிகளை வரிசையாக வைப்பதுதான். துணுக்குப் புத்தகத்து ஜோக்குகளைக் கோத்துச் சொல்வதை விட்டுவிடுங்கள். மேடையில் ஒரு பிள்ளை ஜோக் சொல்கிறது என்று தெரிந்ததுமே கூட்டம் “சிரிக்க வை பார்க்கலாம்” என்று உட்கார்ந்துவிடும்.

இந்தத் தலைப்புக்கு எனக்குத் தெரிந்து நன்றாக நிற்கிற வடிவம் ஒன்றே ஒன்று. பரீட்சைக் காலம் முழுவதையும் பேசாமல் ஒரே ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்வது. முந்தின நாள் சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பித்து மறுநாள் பரீட்சை எழுதி வெளியே வருவதோடு முடிப்பது. ஒவ்வொரு பகுதியும் “மணி எட்டு”, “மணி பத்து” என்று தொடங்கும். இதில் இரண்டு லாபம். கூட்டத்துக்கு எங்கே இருக்கிறோம் என்று எப்போதும் தெரியும், நேரம் ஓட ஓட படிப்பு நகராமலே இருப்பது தானாகவே சிரிப்பைச் சேர்த்துக்கொண்டு போகும். பேசுகிற பிள்ளைக்கும் வரிசை மறக்காது. கடிகாரத்தை நினைத்தால் அடுத்த பகுதி வந்துவிடும்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 முதல் 100 சொற்கள்தான் வரும். 5 நிமிடம் என்றால் 475 சொற்கள் எழுதலாமே என்று தோன்றும், எழுதக்கூடாது. சிரிப்பு வரும் இடத்தில் 3, 4 விநாடி நிற்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு இடத்தில் நின்றால் முக்கால் நிமிடம் போய்விடும். ஆகவே 400 சொற்களுக்குள் முடியுங்கள். கூடினால் பிள்ளை வேகமாகப் பேசும், வேகமாகப் பேசினால் கூட்டம் சிரிக்க நேரம் கிடைக்காது.

காட்சிகளைச் சேகரிக்க ஒரு சாயங்காலம் போதும். மகளிடம் “பரீட்சைக்கு முன்னாடி என்னவெல்லாம் செய்வாய்?” என்று கேட்காதீர்கள். பொதுவான பதில்தான் வரும். “போன சயின்ஸ் பரீட்சைக்கு முந்தின நாள் ஆறு மணிக்கு எங்கே உட்கார்ந்திருந்தாய்? மேஜையில் என்ன இருந்தது? எட்டு மணிக்கு?” என்று மணி மணியாகக் கேளுங்கள். கலர் ஸ்கெட்ச், ஹைலைட்டர், வாட்ஸாப் குரூப், அலாரம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். இருபது விஷயம் கிடைத்தால் எட்டை வைத்துக்கொள்ளுங்கள். எதை வைப்பது என்பதற்கு ஒரு சோதனை: மண்டபத்தில் பாதிப் பேராவது அதைச் செய்திருக்க வேண்டும், ஆனால் யாரும் வெளியே சொல்லியிருக்கக் கூடாது. “எட்டு மணி ஏழு நிமிஷத்துக்கா படிக்க ஆரம்பிப்பாங்க, எட்டரைக்கு ஆரம்பிக்கலாம்” என்பது அப்படிப்பட்டது.

இனி மாதிரி. பேச்சுத் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். ஆண்டு விழாவுக்குச் செந்தமிழ்தான் வேண்டும் என்று பலர் நினைப்பார்கள். முதல் இரண்டு வரி மட்டும் செந்தமிழ், அதற்கும் காரணம் உண்டு, கீழே சொல்கிறேன்.

“கல்வி என்பது கரையில்லாப் பெருங்கடல்! அந்தக் கடலிலே மூழ்கி முத்தெடுக்க வந்த மாணவச் செல்வங்களாகிய நாங்கள்… பரீட்சைக்கு முந்தின நாள் வரைக்கும் கரையிலதான் உக்காந்திருப்போம். சுண்டலோட.

எல்லாருக்கும் வணக்கம். நாளைக்கு சயின்ஸ் பரீட்சை. இப்ப மணி சாயங்காலம் ஆறு.

முதல் வேலை, டைம்டேபிள். அதுக்கு ஸ்கேல் வேணும், நாலு கலர் ஸ்கெட்ச் வேணும். ஃபிசிக்ஸுக்கு நீலம். கெமிஸ்ட்ரிக்கு பச்சை. பயாலஜிக்கு சிவப்பு. நடுவுல ரெஸ்ட் எடுக்க, மஞ்சள். போட்டு முடிச்சு தள்ளி வச்சுப் பாத்தேன், அவ்வளவு அழகு. எங்கப் பாத்தாலும் மஞ்சள். மணி ஏழே முக்கால். டைம்டேபிள்படி, அந்நேரம் முடிஞ்சிருக்கணும்… ஃபிசிக்ஸ்.

பரவாயில்ல. எட்டு மணிக்குப் புத்தகத்தக் கையில எடுத்தேன். கடிகாரத்தப் பாத்தேன். எட்டு ஏழு. எட்டு ஏழுக்கு யாராவது படிக்க ஆரம்பிப்பாங்களா? எட்டரை. எட்டரைக்கு சாப்பாடு. சரி, ஒம்போது. மணி ஒம்போதாச்சான்னு பாக்க போனை எடுத்தேன். ஆச்சு. … ஒம்போதே முக்கால்.

பத்து மணி. வகுப்பு வாட்ஸாப் குரூப். ஒருத்தி கேக்கறா, ‘நாளைக்கு எந்தெந்த சாப்டர்?’ இன்னொருத்தன் கேக்கறான், ‘நாளைக்கு என்ன பரீட்சை?’ எனக்கு மனசு அப்படியே லேசாயிடுச்சு. அப்ப எங்க க்ளாஸ் ஃபர்ஸ்ட் ஒரு மெசேஜ் போடறா: ‘நான் ஒண்ணுமே படிக்கலப்பா.’ அடுத்த மெசேஜ்: ‘இன்னும் பாக்கி இருக்கு, மூணாவது ரிவிஷன்.’

பதினோரு மணி. நியூட்டனோட முதல் விதி. ஒரு பொருள் ஓய்வுல இருந்தா ஓய்வுலயே இருக்கும், வெளியிலேர்ந்து ஒரு விசை வந்து தாக்கற வரைக்கும். டெல்லிக் குளிர்ல, ரஜாய்க்குள்ள படுத்துக்கிட்டு, இத நான் நிரூபிச்சே காட்டினேன். அந்த விசை பதினொன்றரைக்கு வந்தது. கையில கரண்டியோட.

பன்னண்டு மணி. முக்கியமானத மட்டும் ஹைலைட் பண்ணணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. பண்ணினேன். அந்தச் சாப்டர்ல ஹைலைட் ஆகாம தப்பிச்சது ஒண்ணே ஒண்ணு. பக்க நம்பர்.

ஒரு மணி. இதுக்கு மேல மூளை ஏத்துக்காது, காலையில எந்திரிச்சுப் படிக்கலாம். நாலு மணிக்கு அலாரம். நாலு அஞ்சுக்கு ஒண்ணு. நாலு பத்துக்கு ஒண்ணு. மொத்தம் ஆறு அலாரம். ஆறும் அடிச்சுது. வீட்ல எல்லாரும் எந்திரிச்சாங்க. என்னைத் தவிர.

ஏழு மணி. பாட்டி வந்து நெத்தியில திருநீறு பூசினாங்க. எதிர்வீட்டு ஆன்ட்டி வந்து வாயில தயிரும் சக்கரையும் போட்டாங்க. ஊர்லேர்ந்து மாமா போன் பண்ணி, பிள்ளையாருக்குத் தேங்காய் ஒடச்சாச்சுன்னாரு. எல்லாரும் அவங்கவங்க வேலையை முடிச்சுட்டாங்க. பாக்கி ஒரே ஒரு ஆள்தான்.

பரீட்சை ஹால். கேள்வித்தாள் படிக்க பதினஞ்சு நிமிஷம் குடுப்பாங்க. ஒரு நிமிஷத்துல கேள்வி எல்லாத்தையும் படிச்சுட்டேன். மீதி பதினாலு நிமிஷம் படிச்சது… ஃபேனை. மூணு ரெக்கை.

வெளிய வந்தேன். அம்மா நிக்கறாங்க. ‘எப்படி எழுதின?’ ‘அத விடும்மா. அடுத்தது மேத்ஸ். நடுவுல முழுசா மூணு நாள் லீவு. இந்தத் தடவை முதல் நாளே ஆரம்பிக்கறேன்.’ அம்மா கண்ணுல தண்ணி. ‘அதுக்கு என்னடி வேணும்?’

‘நாலு கலர் ஸ்கெட்ச்.’

நன்றி, வணக்கம்.”

இதை அப்படியே பேசலாம், ஆனால் உங்கள் வீட்டு விவரங்களை உள்ளே போட்டால் இன்னும் நன்றாக வரும். ரஜாய்க்குள் படிப்பது, தயிர்-சர்க்கரை கொடுத்து அனுப்புவது எல்லாம் டெல்லி வழக்கம். திருநீறும் பிள்ளையார் தேங்காயும் நம் வழக்கம். இரண்டும் ஒரே காலையில் ஒரே நெற்றியிலும் வாயிலும் வந்து சேர்வதுதான் டெல்லித் தமிழ்ப் பிள்ளையின் பரீட்சை நாள். சென்னைக்கு எழுதப்பட்ட பேச்சை இறக்கினால் கிடைக்காதது இந்த இடம்தான். வீட்டிலிருந்து மலை மந்திர் பக்கமென்றால் தேங்காயை அங்கேயே உடைக்கலாம். ஆர்.கே.புரம், முனிர்க்கா பிள்ளைகள் நிறைய இருக்கும் பள்ளியில் அந்தப் பெயர் சொன்னதுமே கைதட்டு விழும்.

இப்போது செந்தமிழ் ஆரம்பத்துக்கு வருகிறேன். “கரையில்லாப் பெருங்கடல்” என்று கம்பீரமாகத் தொடங்கினால் கூட்டம் இன்னொரு வழக்கமான பேச்சு என்று சாய்ந்து உட்காரும். அந்த நிலையில் “உக்காந்திருப்போம், சுண்டலோட” என்று குரலும் மொழியும் சட்டென்று கீழே இறங்கினால் அந்த இறக்கம்தான் முதல் சிரிப்பு. ஆகவே முதல் வரியைப் பிள்ளை சிரிக்காமல், உண்மையாகவே பேச்சுப் போட்டிக்கு வந்ததுபோலச் சொல்ல வேண்டும். அங்கேயே பல்லைக் காட்டிவிட்டால் எல்லாம் போச்சு. “மாண்புமிகு தலைமை விருந்தினர் அவர்களே, மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே” என்று ஆறு பேரை அழைக்கும் வணக்கமும் வேண்டாம், அது அரை நிமிடத்தைத் தின்றுவிடும். பள்ளி வற்புறுத்தினால் “மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களுக்கும்” என்ற ஒரே வரியில் எல்லோரையும் அடக்கிவிடலாம்.

எழுதுவதில் எல்லோரும் தவறவிடுவது சொல் வரிசை. சிரிப்பைத் தூண்டும் சொல் வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும். தமிழில் இது தானாக அமையாது, ஏனென்றால் நம் வாக்கியம் வினையில் போய் முடியும். “பக்க நம்பரைத் தவிர எல்லாத்தையும் ஹைலைட் பண்ணிட்டேன்” என்று எழுதிப் பாருங்கள். சிரிப்பு “பக்க நம்பர்” என்பதில் இருக்கிறது, அது முதலிலேயே வந்துவிட்டது. கூட்டம் அது எதற்கு என்று புரிந்துகொள்வதற்குள் “பண்ணிட்டேன்” வரை பேசியாக வேண்டும். சிரிக்க வேண்டிய நேரத்தில் ஒரு சப்பை வினை காதில் விழுகிறது. அதையே இரண்டாக உடைத்து, “தப்பிச்சது ஒண்ணே ஒண்ணு” என்று நிறுத்தினால் கூட்டம் என்னவென்று காத்திருக்கும். அப்புறம் வினையே இல்லாமல் “பக்க நம்பர்.” அவ்வளவுதான்.

மாதிரியில் கரண்டி, அலாரம், ஃபேன், கடைசி ஸ்கெட்ச் எல்லாம் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. “அம்மா கரண்டியோட பதினொன்றரைக்கு வந்தாங்க” என்று சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அங்கே “அம்மா” என்ற சொல்லே வரவில்லை என்பதையும் கவனியுங்கள். கரண்டியைச் சொன்னால் கை யாருடையது என்று கூட்டமே கண்டுபிடிக்கும். தானே கண்டுபிடித்ததற்கு மனிதன் இன்னும் பலமாகச் சிரிப்பான். “பாக்கி ஒரே ஒரு ஆள்தான்” என்ற இடத்திலும் “அது நான்தான்” என்று சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள்.

எழுதியதைச் சோதிக்க ஒரு வழி: ஒவ்வொரு சிரிப்பு வரியிலும் சிரிப்புச் சொல்லைப் பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டத்துக்குப் பிறகு ஒன்றுக்கு மேல் சொல் இருந்தால் வாக்கியத்தைத் திருப்பி எழுதுங்கள்.

எதைத் தொடக்கூடாது என்பதும் எழுதும்போதே தெரிந்திருந்தால் நல்லது, ஏனென்றால் பொறுப்பாசிரியர் பேச்சை முன்கூட்டியே வாங்கிப் பார்ப்பார். பிட் அடிப்பது, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது, கேள்வித்தாள் வெளியாவது, இவை முதலில் வெட்டுப்படும். தோல்வி அடைந்த பிள்ளையைப் பற்றிய ஜோக்கை யாரும் வெட்டாவிட்டாலும் நீங்களே வெட்டுங்கள், அந்தப் பிள்ளையும் அதன் பெற்றோரும் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். மாதிரியில் கேலிக்குள்ளாவது பேசுகிற பெண் மட்டும்தான். முதல் மார்க் வாங்கும் பெண்ணைக்கூடப் பெயர் சொல்லாமல் விட்டிருப்பது அதனால்தான். ஆசிரியரின் நடை, குரல் இவற்றைப் போலச் செய்து காட்டுவது மாணவர்களிடம் பெரிய சிரிப்பை வாங்கும், மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் முகம் மட்டும் சிரிக்காது.

“கருத்து ஒன்றும் இல்லையே, கடைசியில் அன்றாடம் படிக்க வேண்டும் என்று சேர்த்துவிடு” என்று ஆசிரியர் சொல்லக்கூடும். சொன்னால் சண்டை வேண்டாம், ஆனால் கடைசியில் சேர்க்காதீர்கள். ஸ்கெட்ச் வரிக்குப் பிறகு எது வந்தாலும் கைதட்டு செத்துவிடும். பரீட்சை ஹாலுக்கும் அம்மா நிற்பதற்கும் நடுவில் வைக்கலாம்: “அந்த ஃபேனப் பாத்துக்கிட்டே ஒரு முடிவு எடுத்தேன். இனிமே தினமும் ஒரு மணி நேரம் படிக்கறது.” ஆசிரியருக்கு அவர் கேட்ட கருத்து கிடைத்துவிடும். ஸ்கெட்ச் கேட்கும்போது அந்த முடிவும் காற்றில் போவதால் சிரிப்பு கூடவும் செய்யும்.

கூட்டத்தில் தமிழ் தெரியாதவர்கள் எவ்வளவு பேர் என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளிலேயே இந்தி பேசும் பிள்ளைகளும் பெற்றோரும் கணிசமாக இருக்கிறார்கள், மற்ற பள்ளிகளில் கேட்கவே வேண்டாம். அதற்காகப் பேச்சை மொழிபெயர்த்துக்கொண்டே போகக்கூடாது. எதிர்வீட்டு ஆன்ட்டி வரும் இடத்தில் அவர் வாயிலிருந்தே “பேட்டா, தஹி-சீனி கா கே ஜாவோ” என்று ஒரு இந்தி வரி போடுங்கள். இதுவரை புரியாமல் உட்கார்ந்திருந்தவர்களும் அந்த இடத்தில் சேர்ந்துகொள்வார்கள். ஒரு வரி போதும், மூன்றானால் அது இந்திப் பேச்சாகிவிடும். ஸ்கேல் பிடித்துக் கோடு போடுவது, அலாரத்தை அணைப்பது, ஃபேனைப் பார்ப்பது, இந்த மூன்றுக்கும் கை, கண் அசைவு இருந்தால் மொழி தெரியாதவருக்கும் பாதி புரிந்துவிடும். மற்ற இடங்களில் கை சும்மா இருக்கட்டும்.

டெல்லிப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். பலருக்குத் தமிழ் பேச வரும், சரளமாகப் படிக்க வராது. அதனால் பேச்சை இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதி வைத்துக்கொள்வார்கள். இந்தி எழுத்தில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றாகிவிடும், ழகரமும் ஒழுங்காக நிற்காது. “எட்டு ஏழு” என்பது “ஏட்டு ஏலு” ஆனால் கூட்டம் என்னவென்று யோசிக்கும், யோசித்தால் சிரிக்காது. எழுத்தைக் காட்டி மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, நீங்களோ பாட்டியோ நிதானமாகப் பேசிப் போனில் பதிவு செய்து அதைக் கேட்க விடுங்கள். ஒருநாளைக்கு இரண்டு தடவை, பள்ளி பஸ்ஸிலோ சாப்பிடும்போதோ கேட்டால் ஒரு வாரத்தில் ஏற்ற இறக்கத்தோடு வந்துவிடும்.

மனப்பாடத்தையும் முழுவதும் செய்ய வேண்டாம். முதல் பத்தி, ஒவ்வொரு பகுதியின் கடைசி வரி, முடிவு, இவை சொல்லுக்குச் சொல் மாறாமல் இருக்க வேண்டும். நடுவில் உள்ளதை அவள் தன் வாக்கில் சொல்லட்டும். வரிக்கு வரி உருப்போட்ட பிள்ளை ஒரு சொல் மறந்தால் அங்கேயே நின்றுவிடும், வரிசையை மட்டும் தெரிந்துவைத்த பிள்ளை அடுத்த மணிக்குப் போய்விடும். உள்ளங்கை அளவு அட்டையில் “ஸ்கெட்ச், எட்டு ஏழு, குரூப், நியூட்டன், ஹைலைட், அலாரம், திருநீறு, ஃபேன்” என்று எட்டுச் சொல் எழுதிக் கையில் வைத்திருந்தால் போதும். அதைப் பார்க்காமலே முடித்துவிடுவாள், இருக்கிறது என்ற தைரியம்தான் முக்கியம்.

ஒத்திகையில் பழக வேண்டியது நிறுத்தம். சிரிப்புச் சொல்லுக்கு முன்னால் அரை விநாடி, அதற்குப் பின்னால் சிரிப்பு எவ்வளவோ அவ்வளவு. சிரிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் மண்டபம் குளிர்ந்துவிடும், ஏறும்போதே பேசினால் அடுத்த வரி யாருக்கும் கேட்காது. பாதி இறங்கியதும் அடுத்த “மணி” வரியைத் தொடங்குவதுதான் சரி. கடிகார வடிவத்துக்கு இங்கேயும் ஒரு உபயோகம் இருக்கிறது. “பன்னண்டு மணி” என்ற சொல் சிரிப்பில் மூழ்கினாலும் பெரிய நஷ்டம் இல்லை. வீட்டில் பேசிப் பழகும்போது நீங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் இரண்டு முறை கைதட்டுங்கள், அவள் நிறுத்திப் பழகட்டும். வெறும் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகிய பிள்ளை நிஜச் சிரிப்பைக் கேட்டதும் திகைத்துப் போகும்.

ஒரு வரிக்குச் சிரிப்பே வராவிட்டால் அதைத் திரும்பச் சொல்லவோ விளக்கவோ கூடாது. ஒரு மூச்சு விட்டு அடுத்த மணிக்குப் போக வேண்டியதுதான். எந்த வரி விழவில்லை என்பது பேசுகிற பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும்.

தமிழில் வாக்கியக் கடைசியில் குரல் தானாகத் தாழும். நம் சிரிப்புச் சொற்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன என்பதால் இதைச் சரி செய்தே ஆக வேண்டும். “கரண்டியோட” என்பதில் “க” அழுத்தமாக, கடைசி எழுத்துவரை கேட்கும்படி வர வேண்டும். அறையின் ஒரு மூலையில் போனை வைத்து, எதிர் மூலையில் அவளைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது எந்தச் சொல் காணாமல் போகிறது என்று தெரிந்துவிடும். மைக் வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில், நேரே இல்லாமல் சற்றே கீழே இருக்கட்டும். நேராக வைத்தால் “பத்து”, “பக்க நம்பர்” என்று பகரம் வரும் இடமெல்லாம் ஸ்பீக்கரில் “டப்” என்று வெடிக்கும். மைக் ஸ்டாண்டின் உயரத்தை முந்தைய ஆள் போனதும் தயங்காமல் தன் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும், அண்ணாந்து பேசினால் குரல் அடைக்கும். விழா ஷாமியானா போட்ட மைதானத்தில் என்றால் சிரிப்பு மண்டபத்தில் போலச் சேர்ந்து எழாது, துண்டு துண்டாக வரும். அவளுக்கு யாரும் சிரிக்கவில்லை என்று தோன்றி வேகமெடுப்பாள். இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. ஆண்டு விழா நேரத்துக்கு நடந்ததாகச் சரித்திரமில்லை. பரிசளிப்பு நீண்டு, நடனத்துக்கு ஸ்பீக்கர் தகராறு செய்து, உங்கள் மகள் படியேறும்போது “மூணே நிமிஷம், சீக்கிரம்” என்று யாராவது காதில் சொல்வார்கள். அந்த நேரத்தில் எதை விடுவது என்று யோசிக்க முடியாது, இப்போதே தீர்மானித்து அட்டையில் அந்தச் சொற்களைச் சுற்றிக் கட்டம் போட்டு வையுங்கள். இந்தப் பேச்சில் வாட்ஸாப் குரூப், நியூட்டன், ஹைலைட் என்று பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை மூன்றையும் விடலாம். போனில் ஒன்பதே முக்கால் ஆனதுமே “ஒரு மணி, இதுக்கு மேல மூளை ஏத்துக்காது” என்று தாவினால் நடுவில் என்ன ஆயிற்று என்று சொல்லாததே ஒரு சிரிப்பைக் கொண்டுவரும். டைம்டேபிளை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. அது போனால் கடைசி ஸ்கெட்ச் யாருக்கும் புரியாது.